பிள்ளைக்குப் பங்கில்லை என்று உயில் எழுத மூன்று வழிகள்: எது தாங்கும்?

என் உயிலில் ஒரு பிள்ளைக்குப் பங்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். காரணம் வீட்டோடு இருக்கட்டும். அதை எப்படி எழுதுவது என்று பார்த்தபோது மூன்று வழிகள் இருந்தன. அந்தப் பிள்ளையைப் பற்றி வாயே திறக்காமல் மற்றவர்களுக்கு எழுதிவிடலாம். பெயரைச் சொல்லி, பங்கில்லை என்று எழுதலாம். அல்லது ஒரு தொகையைக் கொடுத்து, உயிலை எதிர்த்து வழக்குப் போட்டால் அதுவும் கிடையாது என்று நிபந்தனை வைக்கலாம். நான் இரண்டாவது வழியில் போனேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும்.

முதலில், இது சட்டப்படி செல்லுமா என்பது நீங்கள் இருக்கும் இடத்தையும் உங்களுக்குப் பொருந்தும் சட்டத்தையும் பொறுத்தது. ஜெர்மனியில் விலக்கப்பட்ட பிள்ளையும், உயில் இல்லாவிட்டால் கிடைத்திருக்கும் பங்கின் மதிப்பில் பாதியைப் பணமாகக் கேட்கலாம். பிரான்சில் ஒரே பிள்ளை என்றால் சொத்தில் பாதி அந்தப் பிள்ளைக்கென்று ஒதுங்கிவிடும், இரண்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு. அங்கெல்லாம் கீழே உள்ள மூன்று வழிகளும் பெரிதாக உதவாது. இந்தியாவில் இந்து ஒருவர் தன் சொந்தச் சொத்தையும், கூட்டுக் குடும்பச் சொத்தில் தன் பங்கையும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் அந்தக் கூட்டுச் சொத்தில் பிள்ளைக்குப் பிறப்பால் வந்த பங்கை உயிலால் தொட முடியாது. மைனர் மகனோ மணமாகாத மகளோ விலக்கப்பட்டால், சொத்தைப் பெற்றவர்களிடம் ஜீவனாம்சம் கேட்க 1956-ம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. முஸ்லிம் சட்டத்தில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதவே முடியாது.

இங்கிலாந்து இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விலக்கலாம், ஆனால் பிள்ளை தன் பராமரிப்புக்கு நியாயமான ஏற்பாடு வேண்டும் என்று 1975-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போகலாம். மகளை விலக்கி, ஏறத்தாழ 4,86,000 பவுண்டு சொத்தின் பெரும்பகுதியை விலங்கு நல அமைப்புகளுக்கு எழுதிய ஒரு தாய் 2004-ல் இறந்தார். காரணத்தையும் கடிதமாக எழுதி வைத்திருந்தார். அப்படியும் வழக்கு 2017-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், மகளுக்கு 50,000 பவுண்டு என்று முடிந்தது. பதின்மூன்று வருடம்!

பேசாமல் விடும் வழியை நான் சீக்கிரமே ஒதுக்கினேன். உயில் எழுதுபவருக்குத் தெளிந்த மனநிலை இருந்ததா என்று பார்க்க 1870-ல் ஓர் ஆங்கிலத் தீர்ப்பு வகுத்த அளவுகோலைப் பல நாடுகள் இன்றும் பின்பற்றுகின்றன. தன்னிடம் உரிமை எதிர்பார்க்கக்கூடியவர்கள் யார் யார் என்பது அவர் நினைவில் இருந்ததா என்பதும் அதில் ஒரு கேள்வி. மகன் பெயரே இல்லாத உயில், "அப்பாவுக்கு என்னையே ஞாபகம் இல்லை" என்று வாதிட வழிவிடுகிறது.

நிபந்தனை வழிதான் என்னைக் கொஞ்ச நாள் இழுத்தது. அது வேலை செய்ய வேண்டுமானால், கொடுக்கும் தொகை இழப்பதற்கு வலிப்பதாக இருக்க வேண்டும். பேருக்கு ஒரு ரூபாய் எழுதினால் யாரும் பயப்படமாட்டார்கள். கணிசமாகக் கொடுத்தாலோ, அது விலக்குவதே இல்லை. போதாததற்கு, பெறுபவர் என்ற தகுதியில் சொத்துக் கணக்கைக் கேட்கவும் அந்தப் பிள்ளைக்கு வழி பிறக்கும். இந்த நிபந்தனை எல்லா இடத்திலும் செல்லாது என்பது இன்னொன்று. அமெரிக்காவில் புளோரிடா மாநிலம் இதைச் செல்லாது என்றே சட்டமாக்கியிருக்கிறது. வேறு பல மாநிலங்கள், வழக்குப் போட நியாயமான காரணம் இருந்தால் தண்டனை இல்லை என்கின்றன. ஆனாலும் எழுதுபவரின் உடல்நிலை சரியில்லாமல், உயிலை உடைக்க நல்ல வாய்ப்பு இருக்கும் குடும்பத்துக்கு இதுவே பொருத்தமாக இருக்கலாம். என் நிலைமை அதுவல்ல.

பெயர் சொல்லி விலக்குவதில்தான் முக்கியமான ஓட்டை இருக்கிறது. "மூத்த மகனுக்கு எதுவும் கிடையாது" என்ற வரியைப் படித்தால் கதவு சாத்தியாயிற்று என்று தோன்றும். ஆனால் ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய விதிப்படி, உயில் யாருக்கும் கொடுக்காமல் விட்ட சொத்து, உயிலே இல்லாததுபோல் வாரிசுகளுக்குப் போகும். அந்த வாரிசுகளில் மூத்த மகனும் ஒருவன்.

துணையை இழந்த ஒருவர், மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவனுக்கு எதுவும் இல்லை, மகளுக்கு வீடு, இளையவனுக்கு வங்கி வைப்புத்தொகை. உயில் அத்தோடு முடிகிறது. மணமாகாத, பிள்ளை இல்லாத மகள் தகப்பனுக்கு முன்பே இறந்துவிடுகிறாள். இப்போது வீட்டுக்கு உயிலில் ஆள் இல்லை. எஞ்சியிருக்கும் வாரிசுகள் இரண்டு மகன்கள். பழைய விதி நடப்பில் உள்ள இடத்தில், விலக்கப்பட்ட மூத்தவன் பாதி வீட்டை வாங்கிக்கொள்வான். உயில் எழுதிய பிறகு வாங்கிய மனைக்கும், பட்டியலில் விட்டுப்போன கணக்குக்கும் இதே கதிதான். சில அமெரிக்க மாநிலங்கள் இந்த விதியை மாற்றி, விலக்கப்பட்டவர் தன் பங்கைத் தானே மறுத்ததாகக் கொள்கின்றன. அப்படியானால் பங்கு அவர் பிள்ளைகளுக்கு இறங்கக்கூடும். தகப்பன் அதை விரும்பினாரா என்பதற்கு உயிலில் பதில் இருக்காது.

இதை அடைப்பது மீதச் சொத்து பற்றிய வரிதான். மேலே சொல்லாத எல்லாச் சொத்தும், இனி வரப்போவதும், யாருக்கும் சேராமல் திரும்பி வருவதும் இன்னாருக்கு என்று எழுத வேண்டும். அந்த இன்னாருக்கும் மாற்று ஆள் வேண்டும், ஏனென்றால் மீதச் சொத்தின் ஒரு பங்கே ஆளில்லாமல் போனால் பழைய கதை திரும்பத் தொடங்கும். என் உயிலில் மூன்று அடுக்கு வைத்தேன்: உயிரோடிருக்கும் பிள்ளை, அவர் இல்லாவிட்டால் அவருடைய பிள்ளைகள், யாருமே இல்லாவிட்டால் ஒரு அறக்கட்டளை. அமைப்பு இறக்காது என்பதால் கடைசி அடுக்கு அது. விலக்கப்பட்ட பிள்ளையின் பிள்ளைகளுக்கு உண்டா இல்லையா என்பதையும் தனி வரியாக எழுதினேன். வெறுமனே "என் பேரப்பிள்ளைகள்" என்று எழுதியிருந்தால் அவர்களும் உள்ளே வந்திருப்பார்கள். இதெல்லாம் தாங்குமா என்பது எனக்குப் பிறகு தெரியவேண்டியது. இப்போதைக்கு எழுத்தளவில் ஓட்டை இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

காரணத்தை உயிலுக்குள் எழுதாதீர்கள் என்பது என் கட்சி. "பத்து வருடமாக என்னை வந்து பார்க்கவில்லை" என்று எழுதி, மகன் ஒரே ஒரு பயணச் சீட்டைக் காட்டிவிட்டால், தப்பான நம்பிக்கையில் எழுதிய உயில் என்ற வாதத்துக்கு நீங்களே சாட்சியம் கொடுத்தவர் ஆகிறீர்கள். யோசித்தே விலக்குகிறேன் என்ற ஒரு வரி உயிலில் போதும். விவரத்தைத் தேதியிட்ட தனிக் கடிதமாக வக்கீலிடம் வைக்கலாம். அதே வக்கீலைப் பார்க்கப் போகும்போது, சொத்து பெறப்போகும் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். கார் ஓட்டக்கூட வேண்டாம். தூண்டுதலில் எழுதிய உயில் என்ற குற்றச்சாட்டுக்கு எதிர்த்தரப்பு முதலில் தேடுவது, அன்றைக்குக் கூட வந்தது யார் என்பதைத்தான்.