8 ஓம் என்று ஒட்டி 4 ஓம் ஸ்பீக்கரை விற்கிறார்கள், கவனம்

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்கத்தான் கடைக்குப் போனேன். விற்பனையாளர் பேசிப் பேசி என் மனத்தை மாற்றி, ஒரு ஜோடி பாசிவ் ஸ்பீக்கரையும் உள்ளங்கை அளவு ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் என் தலையில் கட்டி அனுப்பினார். "ஆக்டிவ் ஸ்பீக்கரில் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் பழுதானால் மொத்தமும் போச்சு சார். பாசிவ் என்றால் ஆம்ப்ளிஃபயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்" என்றார். அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பாசிவ் ஜோடிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பொருத்தம் இருந்தால்தான் அது செல்லும். பொருத்தம் பார்த்துத் தருவதாகச் சொன்னவரே பொருந்தாததை விற்றார் என்பதுதான் என் புகார்.

ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் "100 வாட் + 100 வாட்" என்றும், ஸ்பீக்கரின் பின்புறம் "8 ஓம்" என்றும் ஒட்டியிருந்தது. கூடவே 24 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் ஒன்றும் கொடுத்தார்கள். மெல்லிய ஒலியில் எல்லாம் அருமை. ஒலியைச் சற்று கூட்டியதும் தொல்லை தொடங்கியது: அடித்தொனி ஓங்கி விழும் ஒவ்வொரு இடத்திலும் சத்தம் அறுந்து, ஓரிரு நொடி கழித்துத் திரும்ப வரும். அடாப்டரின் சிறு விளக்கும் அதே நேரத்தில் அணைந்து எரியும். அந்த விளக்குதான் துப்பு. அது அணையாமல் ஒலி மட்டும் நின்றிருந்தால் ஆம்ப்ளிஃபயரின் பாதுகாப்புச் சுற்றைச் சந்தேகித்திருப்பேன். அணைகிறது என்றால் அடாப்டரால் சுமை தாங்க முடியவில்லை.

கடையில் கேட்டதற்கு, "ஸ்பீக்கர் பழகப் பழகச் சரியாகும்" என்றார்கள். பழகுவதால் அடாப்டரின் ஆம்பியர் கூடுமா என்ன!

ஸ்பீக்கரின் கம்பிகளைக் கழற்றிவிட்டு, அதன் இரு முனைகளையும் மல்டிமீட்டரால் அளந்தேன். 3.4 ஓம் காட்டியது. மல்டிமீட்டர் காட்டுவது நேர்மின் தடை மட்டுமே. ஸ்பீக்கரில் எழுதும் ஓம், இம்பிடன்ஸ் எனப்படும் மின்மறுப்பு. அது அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்கும், அதனால் இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் 8 ஓம் ஸ்பீக்கரில் மீட்டர் பெரும்பாலும் ஐந்தரை முதல் ஏழு ஓம் வரை காட்டும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் காட்டினால் அது 4 ஓம் ஸ்பீக்கர்தான். சர்வதேச அளவீட்டுத் தரப்படி, ஒலி வரம்பில் எந்த இடத்திலும் மின்மறுப்பு குறிப்பிட்ட மதிப்பின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. அதாவது 8 ஓம் என்று எழுதினால் 6.4 ஓமுக்குக் கீழே இறங்கக்கூடாது. 3.4 ஓம் நேர்மின் தடை உள்ள பெட்டி அந்த விதிக்குள் வர வாய்ப்பே இல்லை. ஐயம் தீர, அடித்தொனியை எழுப்பும் ஊஃபரின் திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். அதன் காந்தத்தின் முதுகில் "4 ஓம்" என்று அச்சிட்டே இருந்தது. பெட்டிக்கு வெளியே மட்டும் எட்டு!

எட்டுக்குப் பதில் நான்கு என்றால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. 24 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் இவ்வகை டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர், உள்ளிழப்பு போக ஏறத்தாழ 22 வோல்ட் உச்சம்வரை ஸ்பீக்கருக்குத் தர முடியும். சைன் அலையில் அது ஆர்.எம்.எஸ். எனப்படும் பயனுறு மதிப்பாக 15.5 வோல்ட். அதை வர்க்கப்படுத்தி மின்மறுப்பால் வகுத்தால் வாட் கிடைக்கும்: 240-ஐ 8-ஆல் வகுக்க 30 வாட், 4-ஆல் வகுக்க 60 வாட். இரண்டு பக்கமும் சேர்ந்தால் 8 ஓமில் 60 வாட், 4 ஓமில் 120 வாட். ஆம்ப்ளிஃபயரின் திறன் 90 சதவீதம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், அடாப்டரிலிருந்து முறையே 67 வாட்டும் 133 வாட்டும் வேண்டும். அடாப்டரோ 24 பெருக்கல் 3, ஆக 72 வாட்.

உண்மையான 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் இந்தக் கூட்டு மூச்சுப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கும். 4 ஓம் என்பதால்தான் படுத்துவிடுகிறது. பாட்டு முழுவதும் உச்சத்தில் ஓடாது என்பதால், நீண்டு முழங்கும் அடித்தொனியில் மட்டும் சத்தம் அறுகிறது.

முகப்பில் எழுதியிருந்த 100 வாட்டையும் இதே கணக்கில் பாருங்கள். 4 ஓமில் 100 வாட் வேண்டுமானால் 20 வோல்ட் பயனுறு மதிப்பு, அதாவது 28 வோல்ட்டுக்கு மேல் உச்சம் தேவை. 24 வோல்ட் அடாப்டரிலிருந்து சிதையாத 28 வோல்ட் எப்படி வரும்? ஆம்ப்ளிஃபயரை வாங்கும்போது முகப்பைப் பார்ப்பதைவிட அடாப்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பார்ப்பது மேல். இரு பக்க வாட்டும் சேர்ந்து அந்தப் பெருக்குத்தொகையைத் தாண்டினால், தொடர்ந்து தரக்கூடிய திறனாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று: 30 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் காதில் விழும் வேறுபாடு 5 டெசிபெல்தான். அதை மூன்று மடங்கு சத்தம் என்று சொல்லி விற்கிறார்கள்.

ஊஃபரின் காந்தத்தைப் படம் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டிய பிறகு, விற்பனையாளர் பணத்தைத் தர மறுத்து ஒரு பரிகாரம் சொன்னார். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தொடராக 4 ஓம் மின்தடை ஒன்றைப் போட்டால் மொத்தம் எட்டாகிவிடுமாம். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். ஆம்ப்ளிஃபயருக்குச் சுமை குறையும் என்பது சரி. ஆனால் வெளியேறும் திறனில் பாதி அந்த மின்தடையிலேயே வெப்பமாகிப் போகும். 30 வாட் தந்தால் 15 வாட் அதில் கொதிக்கும், சிறிய மின்தடை என்றால் தொட்ட கை பொசுங்கும். ஒலியும் கெடும். ஸ்பீக்கரின் மின்மறுப்பு எங்கே அதிகமோ அந்த அதிர்வெண்கள் தூக்கலாகவும், எங்கே குறைவோ அவை மங்கலாகவும் கேட்கும். ஊஃபரின் மீது ஆம்ப்ளிஃபயருக்கு இருக்கும் பிடியும் தளர்ந்து அடித்தொனி கொழகொழவென்று ஆகும்.

அடுத்து, 24 வோல்ட் 6 ஆம்பியர் அடாப்டர் வாங்கிக்கொள்ளச் சொன்னார், தனிப் பணத்துக்கு. 144 வாட் கிடைப்பதால் சத்தம் அறுவது நிற்கும். ஆனால் உங்கள் ஆம்ப்ளிஃபயரின் கையேட்டில் குறைந்தபட்சம் 4 ஓம் என்று இருந்தால் மட்டுமே அந்த வழிக்குப் போகலாம். சிலவற்றில் 6 அல்லது 8 என்று இருக்கும். அப்படிப்பட்டதில் அடாப்டரைப் பெரிதாக்கினால் அடாப்டருக்குப் பதிலாக ஆம்ப்ளிஃபயர் சூடேறித் துன்பப்படும்.

கடைசியாக, கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு ஆக்டிவ் ஸ்பீக்கராக மாற்றித் தருகிறேன் என்றார். அதிலும் ஒரு வேலை இருந்தது. அவர் எடுத்து வைத்த ஜோடியில் ஒரு பெட்டிக்கு மட்டும்தான் மின்கம்பி. மற்றப் பெட்டிக்கு முதல் பெட்டியிலிருந்து சாதாரண ஸ்பீக்கர் கம்பி போனது. அதாவது ஒரு பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயர், மற்றது வெறும் பாசிவ். தரம் குறைந்தது என்று சொல்லமாட்டேன், மின்மறுப்புப் பொருத்தத்தைத் தயாரிப்பாளரே பார்த்துவிடுவதால் என் தொல்லை அதில் இல்லை. ஆனால் உண்மையான ஆக்டிவ் ஸ்பீக்கரில் ஒலி முதலில் கிராஸ்ஓவர் என்ற சுற்றில் தாழ்ந்த, உயர்ந்த அதிர்வெண்களாகப் பிரிந்து, ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் வழியே போகும். அந்த விலையைச் சொல்லி இந்த ஜோடியைக் கொடுக்கப் பார்த்தார். கடையில் அட்டைப்பெட்டியைத் திறக்கச் சொல்லி, தொழில்நுட்ப விவரத்தில் ஊஃபருக்கு இத்தனை வாட், ட்வீட்டருக்கு இத்தனை வாட் என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு வாட் எண் மட்டும் இருந்தால் உள்ளே எத்தனை ஆம்ப்ளிஃபயர் என்று கேளுங்கள். நான் கேட்டபோது அவர் பேச்சை மாற்றினார், நான் வந்துவிட்டேன்.