ரேண்டமா, ஆள்வாரியா, தேதிவாரியா: இன்டர்வியூவில் டேட்டாவை எப்படிப் பிரிப்பது?

மெஷின் லேர்னிங் இன்டர்வியூக்களில் நான் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன். ஒரு சந்தா ஆப் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை, ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி, அன்றைக்கு இருக்கும் சந்தாதாரர்கள் எல்லோரைப் பற்றியும் ஆளுக்கு ஒரு வரி எடுத்து வைத்திருக்கிறோம். அந்தத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் சந்தாவை நிறுத்தியவருக்கு லேபிள் 1, மற்றவருக்கு 0. இதை ட்ரெயின், டெஸ்ட் என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

பத்தில் பாதிப்பேர் யோசிக்காமல், வரிகளை ரேண்டமாகப் பிரிக்கும் `train_test_split` என்று சொல்லி, கூடவே `stratify=y` போடுவேன் என்பார்கள். 1, 0 விகிதம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க அது உதவும், அவ்வளவுதான், டெஸ்ட்டின் விடை ட்ரெயினுக்குள் கசியும் லீக்கேஜுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த டேட்டாவில் ரேண்டம் ஸ்ப்ளிட் என்ன செய்கிறது என்று ஒரே ஒரு ஆளை வைத்துப் பாருங்கள். ஒருவர் ஜூலை 20 அன்று சந்தாவை நிறுத்துகிறார். அவருடைய ஜூன் 1 வரிக்கும் லேபிள் 1 (49 நாள்), ஜூலை 1 வரிக்கும் லேபிள் 1 (19 நாள்). ஒன்று ட்ரெயினில் விழுந்து இன்னொன்று டெஸ்ட்டில் விழுந்தால், மாடலுக்கு விடை ஏற்கெனவே கையில் இருக்கிறது. "யூசர் ஐடியை எடுத்துவிட்டேனே சார்" என்பார்கள். சேர்ந்த தேதி, ஊர், திட்டத்தின் விலை, பணம் கட்டும் முறை, இந்த நாலும் சேர்ந்தாலே பெரும்பாலும் ஒரே ஆளைத்தான் காட்டும். ஆழமான மரங்கள் கொண்ட மாடல் அந்தக் கைரேகையை மனப்பாடம் செய்துகொள்ளும். டெஸ்ட்டில் வரும் மதிப்பெண் பிரமாதமாக இருக்கும், ஆனால் அது அளப்பது ஞாபகசக்தியை.

இதைப் பிடித்தவர்கள் அடுத்து `GroupKFold`க்குப் போவார்கள், அதாவது ஒரு ஆளின் எல்லா வரிகளும் ஒரே பக்கம். சில இடங்களில் சரியான விடையே இதுதான். 2017இல் ஸ்டான்ஃபோர்ட் குழு ஒன்று வெளியிட்ட CheXNet என்ற மாடல் நல்ல உதாரணம். அவர்கள் பயன்படுத்திய மார்பு எக்ஸ்ரே தொகுப்பில் 1,12,120 படங்கள், ஆனால் நோயாளிகள் 30,805 பேர்தான். கட்டுரையின் முதல் பதிப்பில் படங்களை ரேண்டமாகப் பிரித்திருந்தார்கள், அதனால் ஒரே நோயாளியின் படங்கள் இரண்டு பக்கமும் வரலாம் என்று வெளியிலிருந்து சுட்டிக்காட்டினார்கள், அப்புறம் வந்த பதிப்பில் நோயாளிவாரியாகப் பிரித்துத் திருத்தினார்கள். அங்கே மாடலிடம் வரப்போவது இதுவரை பார்க்காத நோயாளி, ஆகவே ஆள்வாரிப் பிரிப்புதான் பொருத்தம்.

நம் சந்தா கணக்கில் நிலைமை வேறு. நாளை மாடல் மதிப்பிடப் போவது பெரும்பாலும் இன்றைக்கு இருக்கும் அதே சந்தாதாரர்களைத்தான். அவர்களுடைய பழைய வரிகள் ட்ரெயினில் இருப்பது தப்பே இல்லை, நிஜத்திலும் அவை நம்மிடம் இருக்கும். ஆள்வாரிப் பிரிப்பு தவறவிடுவது காலத்தை. அக்டோபரில் விலையை ஏற்றியதால் பலர் விலகினார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேறு ஆட்களின் அக்டோபர் வரிகள் ட்ரெயினில் இருப்பதால், விலை ஏறினால் என்ன ஆகும் என்று மாடல் முன்கூட்டியே கற்றுக்கொண்டுவிடும். செப்டம்பரில் உட்கார்ந்து கணிக்கும் யாருக்கும் அந்த வசதி கிடைக்காது.

ஆக, இந்தக் கேள்விக்குத் தேதிவாரிதான் என் தேர்வு. ஆனால் "செப்டம்பர் 1க்கு முன்னால் ட்ரெயின், பின்னால் டெஸ்ட்" என்று நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான் தருவேன். ஆகஸ்ட் 1 வரியைப் பாருங்கள். அதன் லேபிள் செப்டம்பர் 30 அன்றுதான் முடிவாகும், செப்டம்பர் 1 அன்று அந்த லேபிள் உலகத்திலேயே இல்லை. செப்டம்பர் 20 அன்று விலகியவரின் ஆகஸ்ட் 1 வரி லேபிள் 1ஓடு ட்ரெயினில் இருக்கும், செப்டம்பர் 1 வரி லேபிள் 1ஓடு டெஸ்ட்டில் இருக்கும். ரேண்டம் ஸ்ப்ளிட்டில் பார்த்த அதே இரட்டை வரி, வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. அதனால் வெட்டுவது வரியின் தேதியை வைத்து அல்ல, லேபிள் முடியும் தேதியை வைத்து:

```python
cut = pd.Timestamp("2024-09-01")
label_end = df["snap"] + pd.Timedelta(days=60)
train = df[label_end < cut]
test = df[(df["snap"] >= cut) & (label_end <= "2024-12-31")]
```

இப்படிச் செய்தால் ட்ரெயினில் கடைசி வரி ஜூலை 1 (லேபிள் ஆகஸ்ட் 30இல் முடிகிறது), ஆகஸ்ட் மாத வரிகள் எதிலும் சேராது. டெஸ்ட்டில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மட்டும். டிசம்பர் 1 வரிகளையும் விட வேண்டும், ஏனென்றால் ஜனவரியில் விலகப்போகிறவர்கள் அதில் இப்போதைக்கு 0 என்று பொய்யாக நிற்கிறார்கள். இந்தக் கடைசி விஷயத்தைத் தானாகச் சொல்பவர்கள் மிகக் குறைவு.

`TimeSeriesSplit` போதாதா என்று கேட்பார்கள். ஒரே தொடராக ஓடும் டேட்டாவுக்குச் சரி. இங்கே அது வரிசை எண்ணைத்தான் பார்க்கும், தேதியைப் பார்க்காது. அதில் `gap=60` என்றால் 60 வரிகள், 60 நாள் அல்ல. மாதத்துக்கு 50,000 சந்தாதாரர்கள் இருந்தால் அந்த 60 வரிகள் ஒரே தேதிக்குள்ளேயே அடங்கிவிடும். `shuffle=False` போட்ட `train_test_split`க்கும் இதே குறை, அதிலும் டேட்டா தேதிப்படி அடுக்கப்படாமல் இருந்தால் அது யூசர் ஐடி வரிசையில் எங்கோ வெட்டிவிட்டு வந்து நிற்கும்.

மூன்றையும் போட்டுப் பார்ப்பதிலும் பயன் உண்டு. ரேண்டமில் உயரமாக இருந்த மதிப்பெண் ஆள்வாரியில் விழுந்தால் கைரேகை மனப்பாடம் நடந்திருக்கிறது. ஆள்வாரியில் நன்றாக நின்று தேதிவாரியில் விழுந்தால் காலம் மாறியிருக்கிறது, அல்லது வருங்காலத் தகவல் கசிந்திருக்கிறது. மூன்றிலும் நம்ப முடியாத உயரத்தில் நின்றால்தான் எனக்குப் பயம் அதிகம், அது பெரும்பாலும் ஃபீச்சரில் உள்ள லீக், அதை எந்தப் பிரிப்பும் காட்டிக்கொடுக்காது. உதாரணமாக, "கடைசியாக லாகின் செய்த தேதி" என்ற நெடுவரிசையை இன்றைய யூசர் டேபிளிலிருந்து இணைத்திருந்தால், விலகியவர்களின் தேதி விலகிய நாளோடு உறைந்துபோய் நிற்கும், மார்ச் 1 வரியிலும் அந்த வருங்காலத் தேதிதான் இருக்கும். ட்ரெயினிலும் டெஸ்ட்டிலும் ஒரே மாதிரி கசிவதால் எந்த எண்ணும் உறுத்தாது. முக்கியமான ஃபீச்சர்களில் முதலில் வருவதை எடுத்து, "மார்ச் 1 காலையில் இந்த மதிப்பு டேட்டாபேஸில் இருந்திருக்குமா?" என்று வரி வரியாகக் கேட்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஸ்கேலரை ஸ்ப்ளிட்டுக்கு முன்னால் ஃபிட் செய்யக்கூடாது என்பதை எல்லோரும் ஒப்பிப்பார்கள். உண்மைதான், ஆனால் வரிகள் நிறைய இருக்கும்போது அதனால் வரும் வித்தியாசம் பொதுவாகச் சின்னது. ஊர்வாரியாக விலகும் சராசரியை மொத்த டேட்டாவிலும் கணக்கிட்டு ஃபீச்சராக வைப்பது அதைவிட எவ்வளவோ மோசம், அதில் லேபிளே உள்ளே இருக்கிறது.

கடைசியாக ஒன்று கேட்பேன்: மதிப்பீடு முடிந்துவிட்டது, ஜனவரி 1 அன்று மாடலை இறக்க வேண்டும், எதை வைத்துப் பயிற்சி கொடுப்பீர்கள்? ஜூலை வரை வைத்துப் பயிற்சி பெற்ற அதே மாடல் என்றால், நான்கு மாத டேட்டாவை வீணாக்குகிறோம். லேபிள் முடிவான எல்லா வரிகளும், அதாவது நவம்பர் 1 வரை, ஆகஸ்ட்டையும் சேர்த்து, அதே அமைப்புகளோடு மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டும். டிசம்பர் 1 வரிகளை அப்போதும் தொடக்கூடாது.