தலைப்புச் செய்தி அடிக்கும்போது: விற்று வெளியேறுவதா, ஹெட்ஜ் போடுவதா?

கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் ஹேக், அரசுத் தடை என்று செய்தி வந்ததும் கையில் இருக்கும் பொசிஷனுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று உடனே விற்பது. இன்னொன்று ஹெட்ஜ்: விலை இறங்கினால் லாபம் தரும் ஷார்ட் பொசிஷனை வேறு எக்ஸ்சேஞ்சில் அதே அளவுக்கு எடுப்பது.

தடைச் செய்திக்கு ஹெட்ஜ்தான் என் தேர்வு. 2021 செப்டம்பர் 24 அன்று சீன மத்திய வங்கி கிரிப்டோ பரிவர்த்தனைகள் அனைத்தும் சட்டவிரோதம் என்றது. பிட்காயின் சரிந்தது, ஆனால் அக்டோபர் தொடக்கத்திலேயே மீண்டது. பதறி விற்றவர்கள் அடிமட்ட விலையில் மாட்டினார்கள். உங்கள் எக்ஸ்சேஞ்சே தடைக்குள் வந்தால் இது பொருந்தாது.

ஹேக் வேறு கதை. ‘அ’ எக்ஸ்சேஞ்சில் 100 டாலர் விலையில் 10 காயின் வைத்திருக்கிறீர்கள். ‘ஆ’வில் 3 மடங்கு லெவரேஜில் 10 காயின் ஷார்ட்; மார்ஜின் சுமார் 333 டாலர். விலை 80 ஆனால் ‘அ’வில் 200 நட்டம், ‘ஆ’வில் 200 லாபம். சரி. ஆனால் ‘அ’ வித்ட்ராவலை நிறுத்திய பிறகு விலை 130க்கு ஏறினால்? ‘அ’வில் 300 லாபம் காகிதத்தில் மட்டும், அதை எடுத்து ‘ஆ’வில் மார்ஜின் கட்ட முடியாது. அங்கே மார்ஜின் கரைந்து, எக்ஸ்சேஞ்சே ஷார்ட்டை மூடிவிடும் லிக்விடேஷன் நிலைக்கு வந்துவிடும். ஹெட்ஜ் விலையைத்தான் காக்கும், எக்ஸ்சேஞ்சை அல்ல.

எனவே ஹேக் ஆனது உங்கள் எக்ஸ்சேஞ்ச் என்றால், முதலில் வித்ட்ராவல் திறந்திருக்கிறதா என்று சிறு தொகை அனுப்பிப் பாருங்கள். திறந்திருந்தால் பொசிஷனை மூடி, பணத்தை வெளியே எடுங்கள். மார்க்கெட் ஆர்டர் வேண்டாம்; அந்த நேரத்தில் ஆர்டர் புக் மெலிந்திருக்கும், நடப்பு விலைக்குச் சற்றுக் கீழே லிமிட் போட்டு, நிறைவேறாவிட்டால் இறக்கிக்கொண்டே போவது மேல்.