பெயர் தெரிந்த சார்ட்டா, மறைத்த சார்ட்டா?

கையில் இருக்கும் பங்கின் விலை சார்ட்டில் டிரெண்ட்லைன், அதாவது விலை போகும் திசையைக் காட்டும் கோடு, போடும்போது எது நல்லது?

நேரம்: பெயரோடு பார்த்தால் இரண்டு நிமிடம். மறைப்பதென்றால் பெயர், தேதி, விலை எண்கள் மூன்றையும் மூடி, வேறு நான்கு சார்ட்டுகளோடு கலக்க வேண்டும். அரை மணி நேரமாவது ஆகும்.

நம்பகம்: வாங்கிய பங்கில் விலை இதற்குக் கீழே இறங்காது என்று நான் போட்ட சப்போர்ட் கோடு, ஒரு கேண்டிலின் விக்கை, அதாவது அதன் மெல்லிய வால் பகுதியைத் தொட்டது, அடுத்ததில் முடிவு விலையைத் தொட்டது, மூன்றாவதை வெட்டிக்கொண்டு போனது. ஏறும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன், அதற்கேற்பக் கோடும் வளைந்து கொடுத்தது. ஒரு வாரம் கழித்து, சார்ட்டை மறைத்து, முடிவு விலை மட்டும் என்ற ஒரே விதியில் வரைந்தேன். அந்தக் கோடே வரவில்லை.

குறை: தினமும் பார்க்கும் சார்ட்டை மறைத்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். அப்போது தலைகீழாகத் திருப்புங்கள், ஏற்றம் இறக்கமாகத் தெரியும். அதிலும் 'ஏறும்' என்று தோன்றினால் அந்தக் கணிப்பை விடுங்கள்.

அன்றாடக் கவனிப்புக்குப் பெயரோடு பார்ப்பதே போதும். பணம் போடுமுன்னும், நஷ்டத்தில் உள்ளதை வைத்திருப்பதா என்று யோசிக்கும்போதும் மறைத்தே பாருங்கள்.