தேதி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் கெடு போய்விட்டது

கறாராக எழுதிய ஒரு செய்தியைக் கொஞ்சம் பணிவாக்கி அனுப்பச் சொல்கிறார்கள். மூலம் இது:

“மீதி 40 சதவீதத் தொகையை 14ஆம் தேதி மாலை 5 மணிக்குள் அனுப்புங்கள். வராவிட்டால் 15ஆம் தேதி வேலையை நிறுத்திவிடுவோம்.”

பணிவான வடிவம்:

“மீதித் தொகையை 14ஆம் தேதி வாக்கில் அனுப்பி வைத்தால் பேருதவியாக இருக்கும். தாமதமானால் வேலையைத் தொடர்வதில் சிரமம் ஏற்படலாம்.”

இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பார்க்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது. எளிதான வழிதான், ஆனால் மூலம் மனதில் இருப்பதால் விட்டுப்போனதைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும். ‘மீதித் தொகை’ என்று பார்த்ததும் 40 சதவீதம் உள்ளே கேட்டுவிடும்.

இரண்டாவது, `git diff --word-diff` மாதிரி வித்தியாசம் காட்டும் கருவி. எண்களை மட்டும் தொட்ட சின்னத் திருத்தத்துக்கு இதற்கு ஈடில்லை. பணிவாக்கும்போதோ பாதிச் சொற்கள் மாறிவிடுகின்றன. திரை முழுக்க சிவப்பும் பச்சையும்தான். ‘14ஆம்’ மாறாமல் நிற்கும், அதனால் தேதி பத்திரம் என்று தோன்றும். கெடு இருந்ததோ ‘க்குள்’ என்ற ஒட்டில். அது ‘வாக்கில்’ ஆனதும் 16ஆம் தேதி அனுப்பியவரையும் குறை சொல்ல முடியாது.

நான் நம்புவது மூன்றாவதை. யார், என்ன, எவ்வளவு, எப்போதுக்குள், தவறினால் என்ன என்று ஐந்து கேள்விகள். மூலத்தை வைத்து ஒரு சீட்டில் பதில் எழுதிக்கொள்ள வேண்டும். அப்புறம் மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் புது வடிவத்தை மட்டும் கொடுத்து, அதே கேள்விகளுக்குப் பதில் கேட்க வேண்டும். மேலே உள்ளதற்கு வரும் பதில்கள்: எவ்வளவு? தெரியவில்லை. எப்போதுக்குள்? 14 சுமாருக்கு. தவறினால்? ஏதோ சிரமமாம். ஐந்தில் மூன்று காலி.

எதிர்ப்பக்கத் தவறையும் இதே சீட்டு பிடிக்கும். “இந்த வாரம் முடியாது” என்பதை மென்மையாக்கி “இந்த வாரத்துக்குள் முடிக்க முயல்கிறோம்” என்று எழுதிவிடுவார்கள். இல்லாத வாக்குறுதி ஒன்று அங்கே முளைத்துவிடும். மூலமே மழுப்பலாக இருந்தால் மட்டும் சீட்டு உதவாது. அப்போது எழுதியவரிடமே கேட்க வேண்டியதுதான்.

சீட்டைப் பார்த்துத் திருத்தியது இது: “உங்கள் நெருக்கடி புரிகிறது. ஆனாலும் மீதி 40 சதவீதத் தொகையை 14ஆம் தேதி மாலை 5 மணிக்குள் தயவுசெய்து அனுப்பிவிடுங்கள். வராவிட்டால் 15ஆம் தேதி வேலையை நிறுத்த வேண்டியிருக்கும்.” ‘நிறுத்திவிடுவோம்’ என்பதைவிட ‘நிறுத்த வேண்டியிருக்கும்’ ஒரு பிடி தளர்வுதான். அந்த அளவுக்கு நான் விடுவேன். ‘நிறுத்த நேரிடலாம்’ என்றால் திருப்பி அனுப்பிவிடுவேன்.