பன்னெண்டு மணி நேர டூட்டிக்கு மெத்து மெத்து ஷூவா, கெட்டி ஷூவா? ரெண்டையும் தேய தேய போட்டவ சொல்லுதேன்

பாளையங்கோட்டைல ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், ராத்திரி எட்டு மணிக்கு ஏறுனா காலைல எட்டுக்குத்தான் இறக்கம், வார்டு முழுக்க டைல்ஸ். புதுசா சேருத பிள்ளைங்க எல்லாம் "யக்கா என்ன ஷூ வாங்கட்டும்"னுதான் கேக்காங்க, அதான் விவரமா எழுதுதேன்.

முதல்ல ரொம்ப நாள் போட்டது மெமரி ஃபோம் வச்ச லேசான ஷூ. கடைல கால விட்டதும் உள்ள அமுங்கும், அந்த சுகம் நிஜம்தான், குதிங்கால் தரைல அடிக்கிற அதிர்ச்சிய நல்லா வாங்கிக்கிடும். ஆனா கடைல நாம நிக்கது அஞ்சு நிமிஷம். நடுராத்திரி தாண்டுனா நெலமை வேற. ஃபோம் மணிக்கணக்கா அமுங்கியே கெடக்கும், நம்ம ஊரு சூட்டுக்கு இன்னும் இளகும், எந்தப் பக்கம் பாரம் அதிகமோ அந்தப் பக்கம்தான் கூட அமுங்கும். எனக்கு உள்ளங்கால் வளைவு கம்மி, பாதம் உள்பக்கமா சாயும், ஃபோமும் அதே பக்கம் தாழ்ந்ததால சாய்வு இன்னும் கூடிப்போச்சு. அந்த ஆட்டத்த சரிகட்ட கணுக்காலச் சுத்தியிருக்க தசையெல்லாம் ராத்திரி பூரா வேல செஞ்சுகிட்டே இருக்கும். விடியும்போது குதிங்காலு நல்லாத்தான் இருக்கும், கணுக்கால் எலும்புக்குப் பின்னால உள்பக்கமும் கெண்டைக்காலும் விண்விண்ணு வலிக்கும்.

வலி எங்க வருதுங்கதுதான் துப்பு. குதிங்கால் அடியிலயோ விரல் மூட்டுக்கு அடியிலயோ எரியுதுன்னா குஷன் பத்தல. கணுக்கால் உள்பக்கம், முழங்கால் உள்பக்கம்னு இழுத்துச்சுன்னா அநேகமா ஷூ கால நிலையா புடிக்கல. பழைய ஷூவ மேசைல வச்சு பின்னால இருந்து பாருங்க, என்னோடது தெளிவா உள்பக்கம் சாஞ்சு நின்னுச்சு, சோலோட உள்பக்கச் சுவர்ல மட்டும் குறுக்கா சுருக்கம் விழுந்திருந்துச்சு.

அதுக்கப்புறம் மாறுனது கெட்டி சோல் ஷூ, இப்ப வருஷம் தாண்டிட்டு. கடைல மூணு விஷயம் பார்த்துத்தான் வாங்குனேன். பின்னால குதிங்கால் பிடிக்கிற கப்ப விரலால அமுக்குனா மடங்கக் கூடாது. ஷூவ ஈரத்துணி பிழியிற மாதிரி முறுக்குனா லேசாத்தான் திரும்பணும். வளச்சா விரல் மூட்டுகிட்ட மட்டும் மடங்கணும், நடுவுல மடங்குனா வச்சிட்டு வந்துருங்க. கணுக்கால் வலி ஒரே வாரத்துல போகல, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைஞ்சு இப்ப காலைல படி இறங்கும்போது தெரியவே மாட்டேங்கு.

குறை இல்லாம இல்ல. டிராலி தள்ளிகிட்டு நிறைய நடக்குத அன்னைக்கு விரல் மூட்டுக்கு அடில கடுக்கும். அதுக்கு உள்ள மெல்லிசா, ஒரு மூணு மில்லிமீட்டர் இன்சோல் போட்டேன், சரியாச்சு. தடியான ஜெல் இன்சோல் வேண்டாம், அது குதிங்கால மேல தூக்கி அந்தக் கப்ப விட்டு வெளிய கொண்டு வந்துரும், அப்புறம் கெட்டி ஷூ வாங்குனதுல பிரயோசனமே இல்ல. அடியில கெட்டி, மேல மெத்து, அந்த வரிசைதான் எனக்கு ஒத்துவருது.

இது எல்லாருக்கும் பொருந்தும்னு சொல்ல மாட்டேன். எங்க மதினி அம்பாசமுத்திரத்துல டீச்சர், சேலைக்கு ஷூ போட மாட்டாங்க, நடையும் கம்மி, போர்டு பக்கத்துல சிமெண்ட் தரைல நிப்புதான். அவங்களுக்கு காலைல எந்திரிச்சு முதல் அடி வைக்கும்போது குதிங்கால்ல குத்தும், நாலு அடி நடந்தா குறையும், டாக்டர் உள்ளங்கால் சவ்வு வீக்கம்னாங்க. அப்படிப்பட்டவங்களுக்கு குதிங்கால்கிட்ட மெத்தும், வளைவுக்கு முட்டும், கொஞ்சம் உயரமும் வேணும். பின்பட்டை வச்ச, குதிங்கால் குழி உள்ள சாண்டல் எடுத்தாங்க. பின்பட்டை இல்லாத செருப்புன்னா அது கழண்டுறாம விரல் பூரா நேரமும் கவ்விகிட்டே இருக்கும், சவ்வு இன்னும் இழுபடும்.

வாங்கப் போறது டூட்டி முடிஞ்சு, கால் வீங்கியிருக்கும்போதே போங்க, டூட்டிக்குப் போடுத சாக்ஸோடயே போட்டுப் பாருங்க, பெருவிரலுக்கு முன்னால ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்கணும். அடியத் திருப்பிப் பாருங்க, தரைல படுத இடமெல்லாம் ரப்பரா இருக்கணும், வெறும் ஃபோமா இருந்தா மாப் போட்ட ஈரத் தரைல வழுக்கும், எவ்வளவு மெத்துன்னாலும் வார்டுக்கு அது ஆகாது. சுகர்ல கால் மரத்தவங்க மட்டும் சுகத்த வச்சு முடிவு பண்ணாதீங்க, கடிக்கிறதே தெரியாம புண்ணாயிரும், டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்குங்க. முடிஞ்சா ரெண்டு ஜோடி வச்சு மாத்தி மாத்திப் போடுங்க, அமுங்குன ஃபோம் எந்திரிக்கவும் வேர்வை காயவும் நேரம் வேணும், ஸ்கூட்டி டிக்கில வச்சு வெயில்ல நிப்பாட்டிராதீங்க, பசை விட்டு சோல் வாயப் பொளந்துரும்.