சின்ன வட்ட பாட்டிலுக்கு இரண்டு லேபிளா, ஒரே சுற்று லேபிளா?

காவேரிப்பட்டணத்தில் என் அத்தை இரண்டு சீசனாக மாம்பழ ஸ்குவாஷ் போடுகிறார். பெங்களூரா மாம்பழக் கூழ், 200 மில்லி கண்ணாடி பாட்டில், மாதம் சில நூறு பாட்டில்கள். டி.டி.பி. வேலை தெரிந்த ஒரே சொந்தக்காரன் என்பதால் லேபிள் என் தலையில் விழுந்தது. முதல் சீசனில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு லேபிள் ஒட்டினோம். இந்த சீசனில் பாட்டிலைச் சுற்றி வரும் ஒரே லேபிளுக்கு மாறிவிட்டோம். நான் இப்போது சுற்று லேபிளின் ஆள். அதனால் அதன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுவேன்.

முதலில் அளவு. எங்கள் பாட்டிலின் நேரான உடல் பகுதியின் விட்டம் 52 மில்லிமீட்டர், சுற்றளவு 163. லேபிள் உயரம் 75. இந்த 52 என்ற எண்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு லிட்டர் பாட்டில் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கலில் பாதி இருக்காது.

இரண்டு லேபிளின் நல்லதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கையால் ஒட்டுவது சுலபம். இரண்டுக்கும் நடுவே கண்ணாடி தெரிவதால் மாம்பழ நிறம் தானே விளம்பரம் செய்துகொள்ளும். நாலைந்து சுவை போடுபவர்கள் பின் லேபிளைப் பொதுவாக வைத்து முன் லேபிளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்வார்கள். ஆனால் சேர்மானப் பட்டியல் ஒவ்வொரு சுவைக்கும் மாறுமே, அது எப்படிப் பொதுவாகும் என்று எனக்குப் புரிந்ததில்லை.

எங்களைக் கவிழ்த்தது பார்கோடு. தர்மபுரியில் ஒரு கடைக்கு இரண்டு பெட்டி கொடுத்திருந்தோம். அடுத்த வாரம் போனபோது பில் போடும் பையன் பாட்டிலை என் கையிலேயே கொடுத்தான். "அண்ணா, நீங்களே அடிச்சுப் பாருங்க. பத்து தடவை காட்டினா ஒரு தடவைதான் பீப் வருது. கூட்ட நேரத்துல பதிமூணு நம்பரையும் தட்டிக்கிட்டு நிக்க முடியாது." அவன் சொன்னது சரிதான். ஆனால் என் கைப்பேசியில் அதே பார்கோடு ஒரே நொடியில் படித்தது. நான் ஏமாந்தது இங்கேதான். கைப்பேசி கேமரா முழுப் படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாக அலசும். கடையில் இருந்த கைத்துப்பாக்கி மாதிரி ஸ்கேனர், குறுக்கே ஓடும் ஒரே சிவப்புக் கோட்டில் படிப்பது. கைப்பேசியில் படித்தால் கடையிலும் படிக்கும் என்று நம்பி யாரும் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.

காரணம் வளைவு. ஸ்கேனர் படிப்பது கோடுகளின் அகலங்களுக்குள் இருக்கும் விகிதத்தை. கோடுகள் செங்குத்தாக நிற்கும்படி வட்ட பாட்டிலில் ஒட்டினால், நடுக்கோடுகள் முழு அகலத்தில் தெரியும், ஓரத்துக் கோடுகள் வளைந்து விலகி ஒல்லியாகத் தெரியும். விகிதம் கெட்டுவிடும். பார்கோடு எண் தரும் ஜி.எஸ்.1 அமைப்பு இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது: நடுவிலிருந்து இரண்டு ஓரக் கோடுகளுக்கும் உள்ள வளைவு ஆளுக்கு 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. மொத்தம் 60 டிகிரி, அதாவது சுற்றளவில் ஆறில் ஒரு பங்கு.

எங்கள் 163-ஐ ஆறால் வகுத்தால் 27 மில்லிமீட்டர் சொச்சம். கடைகளில் புழங்கும் பதிமூன்று இலக்கப் பார்கோடு முழு அளவில் முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை 31.35 மில்லிமீட்டர். நான் அதைத்தான் வைத்திருந்தேன். நாலு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கோணத்தில் அது ஒவ்வொரு பக்கமும் 34 டிகிரியைத் தாண்டிவிட்டது. முழு அளவு பார்கோடு நிற்க வேண்டுமானால் பாட்டில் விட்டம் குறைந்தது 60 மில்லிமீட்டர் வேண்டும்.

சரி, சுருக்கிவிடலாம் என்று 80 சதவீதத்துக்கு வந்தேன். அதற்குக் கீழே போக அனுமதி இல்லை. இப்போது அகலம் 25 மில்லிமீட்டர், கணக்குப்படி எல்லைக்குள் வந்துவிட்டது. ஆனால் மிக மெல்லிய கோடு 0.33-லிருந்து 0.26 மில்லிமீட்டராகிறது. எங்கள் ஊர் அச்சகத்தில் மை ஒரு இழை பரவினாலும் பக்கத்து வெள்ளை இடைவெளி மூடிக்கொள்கிறது. ஒரே கட்டில் சில பாட்டில் பீப் அடித்தது, சில அடிக்கவில்லை. எது அடிக்கும், எது அடிக்காது என்று வெறும் கண்ணுக்குத் தெரியவும் இல்லை.

மிஞ்சிய வழி, பார்கோட்டைத் திருப்பிப் படுக்கவைப்பது. கோடுகள் ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வரும். பாட்டிலின் உயரவாக்கில் வளைவே கிடையாது, அதனால் எல்லாக் கோட்டின் அகலமும் அப்படியே தெரியும். முழு அளவிலேயே வைக்கலாம். பில் போடுபவர் பாட்டிலைக் கொஞ்சம் சாய்த்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். தர்மபுரிக் கடைப் பையனுக்கு அது இரண்டு நாளில் பழகிவிட்டது.

"அப்போ இரண்டு லேபிளிலேயே படுக்கவைத்திருக்கலாமே" என்று கேட்பீர்கள். நானும் செய்து பார்த்தேன். படுத்த பார்கோடு கீழுள்ள எண்களோடு 26 மில்லிமீட்டர் அகலம், இரு முனையிலும் விட வேண்டிய வெற்றிடத்தோடு 37 மில்லிமீட்டர் உயரம் கேட்கிறது. அந்த வெற்றிடம் முக்கியம். இடம் வீணாகிறதே என்று அதில் தொலைபேசி எண்ணை நுழைத்தால் கோடு எங்கே தொடங்குகிறது என்றே ஸ்கேனருக்குத் தெரியாது. எங்கள் பின் லேபிளின் அகலம் 60. பார்கோடு ஒரு மூலையை எடுத்துக்கொண்டதும், சேர்மானம், ஊட்டச்சத்து அட்டவணை, முகவரி, பதினாலு இலக்க உரிம எண், தேதி முத்திரைக்கான வெள்ளைக் கட்டம் எல்லாம் மீதியில் அடைய வேண்டும். எழுத்து 5 பாயிண்டுக்கு இறங்கியது.

5 பாயிண்டில் ஆங்கிலச் சிற்றெழுத்து 'எக்ஸ்' சுமார் 0.85 மில்லிமீட்டர் உயரம்தான் வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த எழுத்து குறைந்தது 1.2 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று விதி, மிகச் சிறிய பொட்டலங்களுக்கு மட்டும் 0.9. நமக்கு அந்த விதி இல்லை, ஆனாலும் 1.2 நல்ல அளவுகோல். அதற்குச் சுமார் 7 பாயிண்ட் வேண்டும்.

தமிழ் இதைவிடச் சோதிக்கும். நம் நாட்டு விதிப்படி விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும், தமிழ் கூடுதல்தான். ஆனால் அத்தை பிடிவாதமாக இருந்தார். "எங்க ஊரு பொம்பளைங்க வாங்குறாங்கடா, அவங்களுக்குப் புரிய வேணாமா?" இடம் போதவில்லை என்று எழுத்துருவை அகலவாக்கில் 70 சதவீதத்துக்கு அமுக்கினேன். அச்சாகி வந்ததை அத்தையால் சரியாகப் படிக்கவே முடியவில்லை. ண-வின் சுழிகளுக்குள் மை நிறைந்து கறுப்புக் கட்டியாகியிருந்தது, புள்ளிகள் மேல்வரியோடு ஒட்டியிருந்தன. நான் பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வேறு போட்டிருந்தேன். சின்ன எழுத்துக்கு அது செய்யவே கூடாத காரியம்.

இன்னொன்று, வரியின் நீளம். 60 மில்லிமீட்டர் வரி எங்கள் பாட்டிலில் 132 டிகிரி ஓடுகிறது. நேராகப் பார்த்தால் வரியின் இரு முனை எழுத்துகளும் பாதி அகலத்துக்கும் குறைவாகத் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் பாட்டிலை இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். வரியை 38 மில்லிமீட்டரில் நிறுத்தினால் முனை எழுத்தும் முக்கால் அகலம் தெரியும், பாட்டிலைத் திருப்பாமலே படித்துவிடலாம்.

சுற்று லேபிள் இந்த இடத்தில்தான் ஜெயித்தது. 163 மில்லிமீட்டரும் நம் கையில். முகப்புக்கு 50, வலப்புறம் சேர்மானத்துக்கு 42, அடுத்து ஊட்டச்சத்து, முகவரி, உரிம எண், தேதிக் கட்டத்துக்கு 36, கடைசியாகப் படுத்த பார்கோட்டுக்கு 35. சேர்மானம் ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் 7 பாயிண்டில், வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக உட்கார்ந்துவிட்டது. மேலொட்டுக்கு 4 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, அந்த ஒட்டுக்கோடு பார்கோட்டின் வெற்றிடத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன்.

முகப்பிலும் ஒரு பாடம் இருந்தது. நம் நாட்டின் 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள், உருளைப் பொட்டலத்தின் முகப்புப் பரப்பை உயரத்தையும் சுற்றளவையும் பெருக்கியதில் 20 சதவீதமாகக் கணக்கிடுகின்றன. எங்களுக்கு அது ஏறக்குறைய 33 மில்லிமீட்டர் அகலம். கடை அலமாரியில் பாட்டில்கள் நெருக்கி நிற்கும்போது உருப்படியாகக் கண்ணில் படுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முதல் லேபிளில் "மாம்பழ ஸ்குவாஷ்" என்று ஒரே வரியாக 56 மில்லிமீட்டருக்கு நீட்டியிருந்தேன். எட்டத்திலிருந்து "ம்பழ ஸ்குவா" மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது. இப்போது "மாம்பழ" மேலே, "ஸ்குவாஷ்" கீழே, பச்சை வட்டச் சைவக் குறி பெயருக்குப் பக்கத்தில், நிகர அளவு அடியில். பிராண்டு பெயர் சின்னதாகிவிட்டதே என்று அத்தைக்கு இன்னும் வருத்தம். எங்கள் பிராண்டை யாருக்கும் தெரியாது, மாம்பழத்தை எல்லாருக்கும் தெரியும் என்று சமாதானம் சொல்லிவைத்திருக்கிறேன்.

சேர்மானத்திலும் ஒரு சண்டை. மாம்பழக் கூழ் முதலில் வர வேண்டும் என்றார் அத்தை. எடை அதிகமானது முதலில் என்பதுதான் விதி. எங்கள் அளவில் சர்க்கரை, தண்ணீர், அப்புறம்தான் 28 சதவீத மாம்பழக் கூழ். பார்கோட்டை மாம்பழச் சிவப்பில் போடலாமா என்றும் கேட்டார். ஸ்கேனரின் சிவப்பு வெளிச்சத்துக்குச் சிவப்புக் கோடும் வெள்ளைத்தாளும் ஒன்றுதான் என்று சொல்லி அதையும் தடுத்தேன்.

சுற்று லேபிளில் குறை இல்லாமல் இல்லை. கையால் ஒட்டும்போது தொடக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் கோணினால், சுற்றி வந்து சேரும் இடத்தில் படி மாதிரி பல்லிளிக்கும். மரக்கட்டையில் வெட்டிய ஒரு தொட்டில் செய்து, அதில் பாட்டிலை உருட்டி ஒட்டப் பழகிய பிறகுதான் சரியானது. பழத்தின் நிறம் மறைந்துபோனது உண்மையான நஷ்டம். கழுத்துக்குக் கீழே தெரியும் கொஞ்சத்தோடு திருப்திப்பட்டுக்கொள்கிறோம். கீழே குறுகும் பாட்டிலில் இதைச் செய்து பார்த்ததில்லை. நேரான லேபிள் அதில் நிச்சயம் சுருங்கி மடியும், அங்கே இரண்டு லேபிளே மேல் என்று நினைக்கிறேன். குளிர்பெட்டியில் வியர்க்கும் பாட்டிலில் காகித லேபிள் எத்தனை நாள் தாங்கும் என்பதும் எங்களுக்கு ஒரு சீசன் அனுபவம்தான்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இப்போது ஒன்று செய்கிறேன். சாதாரணத் தாளில் அதே அளவில் அச்செடுத்து, வெட்டி, ஸ்குவாஷ் நிறைத்த பாட்டிலில் சுற்றுகிறேன். அத்தை கண்ணாடி போடாமல் கை நீட்டும் தூரத்தில் வைத்துச் சேர்மானத்தைப் படிக்க வேண்டும். பிறகு அதே பாட்டிலை எடுத்துக்கொண்டு தர்மபுரிக் கடைக்குப் போய், அந்தப் பையனிடம் பத்து தடவை அடிக்கச் சொல்கிறேன். போன மாதம் பத்துக்குப் பத்து. பதினொன்றாவது தடவையும் அவனாகவே அடித்துப் பார்த்துக்கொண்டான்.